கடைசி வரி காப்பாற்றாது: உடல்நலக் குறிப்பு எழுதும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் படித்தது மருந்தியல். பார்ப்பது பத்திரிகை வேலை. பொதுமக்களுக்காக நீங்கள் எழுதி அனுப்பும் உடல்நலக் குறிப்புகளைச் செப்பம் செய்து அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. உங்கள் மருத்துவ அறிவில் குறை சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் ஒவ்வொரு சொல்லையும் அளந்துதான் பேசுகிறீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறென்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்ட பிறகே வாயைத் திறக்கிறீர்கள். அதே நீங்கள் ஆயிரம் பேருக்குக் குறிப்பு எழுதும்போது அந்தக் கேள்விகள் எல்லாம் எங்கோ போய்விடுகின்றன. கடைசியில் "இது பொதுவான தகவல் மட்டுமே, மருத்துவரை அணுகவும்" என்று ஒரு வரி வந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள். தீராது. மேலே பத்து வரியில் மருத்துவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டுக் கீழே ஒரு வரியில் மருத்துவரைப் பாருங்கள் என்றால், வாசகர் எதை எடுத்துக்கொள்வார் என்று உங்களுக்கே தெரியும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயனில்லை. இரத்த அழுத்தம் பற்றிய ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம். கீழே இருப்பது எந்த ஒருவரும் எழுதியதல்ல. என் மேசைக்கு வருபவற்றில் திரும்பத் திரும்பப் பார்ப்பதையெல்லாம் சேர்த்து நானே கட்டிய மாதிரி.

"பிரஷரா? இனி வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டாம்! உப்பைப் பாதியாகக் குறையுங்கள். சாதாரண உப்புக்குப் பதில் பொட்டாசியம் உப்பு வாங்குங்கள். தினமும் அரைமணி நேரம் நடங்கள். முப்பதே நாளில் பிரஷர் நார்மலாகிவிடும். என்னிடம் 170 என்று வந்தவர் இதைச் செய்து 125க்கு இறங்கினார். இன்று மாத்திரையே இல்லை. தலைவலி, தலைசுற்றல் வந்தால் பிரஷர் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே கவனியுங்கள்! (இது பொதுவான தகவல் மட்டுமே. மருத்துவரை அணுகவும்.)"

இதில் பொய் என்று ஒதுக்கக்கூடிய ஆலோசனை பெரிதாக ஒன்றும் இல்லை. உப்பைக் குறைப்பது நல்லது. நடப்பது நல்லது. பொட்டாசியம் உப்புக்கும் ஆதாரம் இருக்கிறது. சிக்கல் எல்லாம் அளவிலும், யாருக்கு என்பதிலும், அடுத்து என்ன என்பதிலும்தான்.

முதலில் அளவு. ஏற்கெனவே அழுத்தம் கூடியிருக்கும் ஒருவர் தினசரி உப்பில் நாலைந்து கிராமைக் குறைத்து, அதைச் சில வாரம் கடைப்பிடித்தால், மேல் அளவு சராசரியாக 5 மி.மீ. பாதரசம் அளவுக்கு இறங்கும். அழுத்தம் கூடாதவருக்கு அதில் பாதி இறங்கினால் அதிகம். விடாமல் நடப்பது, மிதிவண்டி ஓட்டுவது போன்றவற்றால் 5 முதல் 8 வரை. எடை கூடியிருப்பவருக்கு ஒவ்வொரு கிலோ குறையும்போதும் சுமார் 1. இவை ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே கூடிவிடாது; ஆளுக்கு ஆள் வேறுபடவும் செய்யும். இருந்தாலும் இது சின்ன விஷயமில்லை. மேல் அளவு 144 இருப்பவருக்கு இதுவே போதுமானதாக அமையலாம். 170 இருப்பவருக்குப் போதாது. இரண்டு பேரையும் ஒரே வரியில் வைத்து "நார்மலாகிவிடும்" என்று எழுதும்போது, யாருக்கு மருந்து அவசியமோ அவரைத்தான் நீங்கள் ஏமாற்றுகிறீர்கள்.

அப்படியானால் 170இலிருந்து 125க்கு இறங்கினாரே அவர்? இந்த "என்னிடம் வந்த ஒருவர்" கதை வரும் ஒவ்வொரு முறையும் நான் எழுதியவரைக் கூப்பிட்டுச் சில கேள்விகள் கேட்பேன். 170 என்பது எத்தனை முறை அளந்தது? பெரும்பாலும் ஒருமுறை, கிளினிக்கில், படியேறி வந்த கையோடு. மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் கூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு, மிக மோசமான அளவு வந்த நாளில்தான் மனிதர் பயந்து உங்களிடம் வருகிறார். அடுத்தமுறை எதுவும் செய்யாமலே கொஞ்சம் குறைந்திருக்கும். 125 அளந்தபோது மாத்திரை ஓடிக்கொண்டிருந்ததா? ஆம், ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் இறங்கியதில் உப்பின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு? நிறுத்திய பிறகு எத்தனை மாதம் பார்த்தீர்கள்? இந்த இடத்தில் பெரும்பாலும் மறுமுனையில் மௌனம்தான். ஒரு நோயாளியின் கதை கட்டாயம் வேண்டுமென்றால் இந்தப் பதில்களோடு சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதினால் கதையின் கவர்ச்சி போய்விடும் என்பதுதான் அதை நீக்கவேண்டியதற்கான காரணம்.

மாத்திரையை நிறுத்துவது பற்றிய வரி இதைவிட ஆபத்தானது. எடை நன்றாகக் குறைந்தவர்களுக்கு மருந்தைக் குறைப்பதும், சிலருக்கு நிறுத்துவதும் நடக்கிறதுதான். ஆனால் அது மருத்துவர் அளவுகளைப் பார்த்துக்கொண்டே செய்வது. வாசகர் வீட்டில் தானாகச் செய்தால் என்ன ஆகும் என்பது அவர் எந்த மாத்திரை போடுகிறார் என்பதைப் பொறுத்தது. குளோனிடின் போட்டுக்கொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் அழுத்தம் முன்பைவிட எகிறலாம். அட்டெனலால், மெட்டோபுரோலால் வகையை இதயநோய் உள்ளவர் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். அம்லோடிபின் வேறு விதம். அது உடலில் நெடுநேரம் தங்கும். நிறுத்திய பிறகும் சில நாள் வேலை செய்யும். அதனால் மூன்றாம் நாள் அளந்து பார்ப்பவருக்கு "நார்மல்தானே, டாக்டர் எழுதியது சரிதான்" என்று தோன்றும். பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அளவு மெல்ல ஏறும். அப்போது அவர் அளப்பதையே நிறுத்தியிருப்பார். உங்கள் குறிப்பைப் படிப்பவர் இவற்றில் எதைப் போடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. எனவே எழுதவேண்டியது ஒரே வரிதான்: உங்கள் அளவு நன்றாக இருப்பது மாத்திரை வேலை செய்வதாலும் இருக்கலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்து பொட்டாசியம் உப்பு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் நல்ல அறிவுரை எப்படி ஆபத்தான வரியாகிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2021இல் வெளியாயின. சாதாரண உப்புக்குப் பதிலாக நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது அறுபது வயதைத் தாண்டி அழுத்தம் கூடியவர்கள். உலக சுகாதார நிறுவனமும் 2025இல் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்தது. ஆக ஆதாரம் உறுதியானதுதான். ஆனால் அந்த ஆய்வில் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் வகைச் சிறுநீர்ப் பெருக்கிகளைப் போடுபவர்களையும் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் கர்ப்பிணிகளுக்கோ குழந்தைகளுக்கோ சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கோ அல்ல. ஆய்வைப் படித்த உங்களுக்கு இது தெரியும். குறிப்பில் "வாங்குங்கள்" என்ற ஒரே சொல்தான் மிஞ்சியது.

இப்போது அந்தக் குறிப்பைப் படிப்பவர் யார் என்று பாருங்கள். அழுத்தம் இருப்பவர்தான் படிக்கிறார். அவருக்கு எழுதப்படும் மாத்திரைகளில் மிகவும் சகஜமானவை எவை? ராமிப்ரில், எனாலப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன். இவை எல்லாமே இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் கூட்டக்கூடியவை. இதயச் செயலிழப்பு இருந்தால் ஸ்பைரனோலாக்டோனும் சேரும்; அது இன்னும் கூட்டும். நீண்டநாள் அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர் என்றால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம், அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். பொட்டாசியத்தை வெளியேற்றவேண்டிய உறுப்பே அதுதான். அளவு மிகக் கூடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். அதுவரை எந்த அறிகுறியும் தெரியாமலே போகலாம். பொட்டாசியம் உப்பை யாருக்குப் பரிந்துரைக்கிறீர்களோ, அவர்களிலேயேதான் அதைத் தவிர்க்கவேண்டியவர்களும் நிறைய இருக்கிறார்கள். இந்த நிலையில் "ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும்" என்ற மாதிரி பொத்தாம் பொதுவான எச்சரிக்கை எதற்கும் உதவாது. மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். வாசகர் அட்டையை எடுத்துப் பார்ப்பார், பெயர் இருந்தால் நின்றுவிடுவார். வணிகப் பெயர்தான் பெரிதாக இருக்கும் என்பதால், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை என்பதையும் சொல்லுங்கள்: இரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம்.

(இந்த இடத்தில் சிலர் மூலிகைக்குத் தாவுகிறார்கள். "இயற்கையானது, பக்கவிளைவு இல்லை" என்று எழுதிய ஒரு குறிப்பில் அதிமதுரமும் இருந்தது. தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தத்தை ஏற்றுவதும் பொட்டாசியத்தை இறக்குவதும் அதன் குணம். இயற்கை என்ற சொல்லைப் பார்த்தாலே இப்போது என் சிவப்புப் பேனா தானாக எழுந்துவிடுகிறது.)

தலைவலி வரிக்கு வருகிறேன். அழுத்தம் கூடியிருக்கும் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அந்த வரியைப் படித்தவர் தலைவலி இல்லாத நாளெல்லாம் தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைப்பார். தலைவலி வந்த நாளில் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். தலைவலிக்கென்று ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரையை அடிக்கடி விழுங்கினால் அதுவே அழுத்தத்தை ஏற்றும். "உடனே கவனியுங்கள்" என்பதும் வெறும் பதற்றம்தான். கவனித்து என்ன செய்ய? இந்த இடத்தில் வாசகருக்குத் தேவை எப்படி அளப்பது, எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்ற இரண்டும்.

அளக்கும் முறையைச் சுருக்கி எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றினால், கை தொங்கினால், கால்மேல் கால் போட்டால், பேசிக்கொண்டே அளந்தால், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால், பருமனான கைக்குச் சிறிய பட்டை போட்டால், அளவு கூடுதலாகக் காட்டும். தவறாக அளந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் வாசகர் உங்கள் குறிப்பு பலித்ததா இல்லையா என்று முடிவு செய்யப் போகிறார்.

இவ்வளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அந்தக் குறிப்பை நான் இப்படி மாற்றுவேன்:

"இரத்த அழுத்தம்: உப்பைக் குறைப்பதும் நடப்பதும் எவ்வளவு உதவும்?

அழுத்தம் கூடியவர்கள் உப்பைக் குறைத்தால் மேல் அளவு சராசரியாக 5 வரை இறங்கும். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் 5 முதல் 8 வரை இறங்கலாம். பலன் தெரியச் சில வாரம் ஆகும், விட்டுவிட்டால் பலனும் போய்விடும். அழுத்தம் சற்றே கூடியிருக்கும் சிலருக்கு இதுவே போதும். பலருக்கு மாத்திரையும் வேண்டும். இவை அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க உதவும் வழிகள். நோயை நிரந்தரமாகப் போக்குபவை அல்ல.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அது கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. பொட்டலத்தில் வரும் உணவுகளில் ஏற்கெனவே இருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

பொட்டாசியம் கலந்த உப்பு பலருக்கு நல்லது. ஆனால் உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ, மாத்திரை அட்டையில் ஸ்பைரனோலாக்டோன் என்றோ, ராமிப்ரில், எனாலப்ரில் போல 'ப்ரில்' என்று முடியும் பெயரோ, லோசார்டன், டெல்மிசார்டன் போல 'சார்டன்' என்று முடியும் பெயரோ இருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறாதீர்கள். குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனை பார்த்த பிறகு அவர் சொல்வார்.

பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் கூடுவது உடலில் தெரியாது. அளந்தால்தான் தெரியும். மேற்கையில் கட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள். அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே புகை, காபி, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலை, மாலை என ஏழு நாள் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். வலிமாத்திரை, மூலிகை உட்பட நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் அவரிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை போடுபவர்கள் அளவு நன்றாக இருக்கிறது என்று தாமாக நிறுத்த வேண்டாம். சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தம் எகிறும், மாரடைப்பும் வரலாம். உப்பைக் குறைத்து, எடையும் குறைந்து, தலைசுற்றலோ மிகக் குறைந்த அளவோ வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் மாற்றுவார்.

180/120 அல்லது அதற்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குளறல், பார்வை மங்கல், குழப்பம், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். கூடுதல் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அவர்கள் 140/90 தொட்டாலே மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்."

நீளம் கூடிவிட்டது என்பீர்கள். உண்மைதான், பல மடங்கு கூடிவிட்டது. இடம் இல்லையென்றால் பொட்டாசியம் உப்பை முழுதாக எடுத்துவிடுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதைப் பரிந்துரைக்கும் வரியை வைத்துக்கொண்டு யாருக்குக் கூடாது என்ற வரியை வெட்டுவதற்கு ஒப்பமாட்டேன். அவை இரண்டும் ஒரே பத்தியில், ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். கீழ்க்குறிப்புக்குப் போன எச்சரிக்கையைப் படித்தவர் குறைவு. அடுத்தவருக்கு வரியை மட்டும் எடுத்து அனுப்புபவர் அதை அனுப்புவதும் இல்லை.

இன்னொன்று கவனித்தீர்களா? புதிய வடிவத்தில் "மருத்துவரை அணுகவும்" என்ற வரி எங்கும் இல்லை. அதற்குப் பதிலாக எந்த எண் வந்தால், எந்த மாத்திரை இருந்தால், எதை எடுத்துக்கொண்டு, எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்பது அங்கங்கே இருக்கிறது. முதலில் காட்டிய மாதிரியில் அந்த வரி எழுதியவரைப் பாதுகாத்தது. படிப்பவருக்கு அதனால் ஒரு வேலையும் ஆகவில்லை.

குறிப்பு வெளியான பிறகு வாசகர்களிடமிருந்து கேள்விகள் வரும். "எனக்கு 58 வயது, டெல்மிசார்டன் 40 போடுகிறேன், இப்போது 118 காட்டுகிறது, பாதியாகக் குறைக்கலாமா?" என்று கேட்பார்கள். அன்போடு பதில் சொல்லத் தோன்றும். மருந்தின் அளவைப் பற்றி ஒரு எண்ணைக்கூடச் சொல்லாதீர்கள். அவருடைய கிரியேட்டினின் என்ன, அந்த 118 எப்போது அளந்தது, அந்த மாத்திரை அழுத்தத்துக்காகத்தானா அல்லது சிறுநீரகத்துக்காகவும் சேர்த்துக் கொடுத்ததா என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. நான் செப்பம் செய்யும் குறிப்புகளுக்கு இப்படிப் பதில் எழுதச் சொல்கிறேன்: "118 என்பது பயப்படவேண்டிய அளவு அல்ல. குறைக்கலாமா என்பதை உங்களுக்கு இந்த மாத்திரையை எழுதியவர்தான் சொல்ல முடியும். ஏழு நாள் அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு அவரைப் பாருங்கள். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் அதையும் சொல்லுங்கள். அடிக்கடி சுற்றினாலோ விழுந்துவிட்டாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள்."

அடுத்த குறிப்பை அனுப்பும்போது அது யாருக்குப் பொருந்தாது என்று ஒரு தனித்தாளில் நீங்களே எழுதி அனுப்பினால் எனக்குப் பாதி வேலை மிச்சம். எந்த ஆண்டு ஆதாரத்தை வைத்து எழுதினீர்கள் என்பதையும் அதில் சேருங்கள். குறிப்பின் கீழே எழுதிய தேதியோடு அச்சிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் குறிப்புகளைச் செப்பம் செய்பவள்